எந்த லிஸ்டிங்கை முதலில் சரிசெய்வது? வருகையையும் விற்பனையையும் எடைபோட்டுப் பிழை நீக்கும் வழிமுறை

அமேசானில் பொருள் விற்பவர்கள் மாதக் கடைசியில் பட்டியலைத் திறந்தவுடன் கண் போவது ஒரே இடத்துக்குத்தான்: ஒன்றுகூட விற்காத லிஸ்டிங். அதற்குப் புதிய படம் எடுக்கிறார்கள், தலைப்பை மாற்றுகிறார்கள், விலையைக் குறைக்கிறார்கள். இரண்டு நாள் வேலை அதிலேயே போய்விடுகிறது. அதே பட்டியலில் மாதம் முப்பது நாற்பது விற்கிற இன்னொரு லிஸ்டிங் 'ஓடிக்கொண்டுதானே இருக்கிறது' என்று கவனிக்கப்படாமல் கிடக்கும். பெரும்பாலும் பணம் ஒழுகுவது அங்கேதான்.

கரூரில் வீட்டு ஜவுளி விற்கும் ஒருவரின் கணக்கை எடுத்துக்கொண்டு, எந்த அறிகுறி எதைக் காட்டுகிறது, எதை முதலில் தொட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று வரிசையாகப் பார்க்கலாம். எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவை. உங்கள் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் எடுக்க வேண்டிய அறிக்கை

செல்லர் சென்ட்ரலில் Business Reports பகுதிக்குள் Detail Page Sales and Traffic By Child Item என்று ஓர் அறிக்கை இருக்கிறது. கடந்த 30 நாளுக்கு அதை இறக்கிக்கொள்ளுங்கள். அதே பெயரில் By Parent Item என்று முடியும் அறிக்கையும் வேண்டும். அது ஏன் என்பது பின்னால் வரும்.

அதில் நெடுவரிசைகள் நிறைய இருக்கும். நமக்கு வேண்டியவை மூன்று. Sessions என்பது வருகை. ஒரே ஆள் 24 மணி நேரத்துக்குள் பக்கத்தை நான்கு முறை திறந்தாலும் அது ஒரு வருகைதான். Units Ordered என்பது விற்ற எண்ணிக்கை. Featured Offer Percentage என்பது பக்கம் பார்க்கப்பட்டபோதெல்லாம் 'வாங்கு' பொத்தான் எத்தனை சதவீதம் உங்கள் பெயரில் இருந்தது என்பது.

Unit Session Percentage என்று இன்னொன்றும் உண்டு. விற்ற எண்ணிக்கையை வருகையால் வகுத்த விகிதம் அது. பலர் இந்த ஒரு நெடுவரிசையை மட்டும் வைத்து, குறைந்த சதவீதத்தை மேலே கொண்டுவந்து அடுக்கி, அந்த வரிசைப்படியே வேலை செய்கிறார்கள். அங்கேதான் முன்னுரிமை தலைகீழாகிறது. விகிதம் ஒரு பக்கம் எவ்வளவு மோசம் என்று மட்டும் சொல்லும். அந்த மோசத்தால் எவ்வளவு பணம் போகிறது என்று சொல்லாது.

அதைச் சொல்ல இரண்டு எண்களை நாமே சேர்க்க வேண்டும். ஒன்று, ஒரு பொருள் விற்றால் கையில் நிற்கும் லாபம். விற்பனை விலையிலிருந்து ஜிஎஸ்டி, அமேசான் கட்டணங்கள், அனுப்பும் செலவு, சரக்கின் விலை எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். ரிட்டர்ன் வந்தால் ஏற்படும் நஷ்டத்தையும் ஒவ்வொரு பொருளுக்கும் பங்கிட்டுக் கழித்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் ரிட்டர்ன் அதிகம் வரும் பொருள் லாபமானது போலத் தோன்றி வரிசையில் மேலே ஏறிவிடும்.

மற்றொன்று, அந்த வகைப் பொருள் எந்த விகிதத்தில் விற்றிருக்க வேண்டும் என்ற அளவுகோல். இதை வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டாம். ஒரே வகை, ஏறத்தாழ ஒரே விலை உள்ள உங்கள் மற்ற லிஸ்டிங்குகளை ஒன்றாகக் கூட்டுங்கள். மொத்த விற்பனையை மொத்த வருகையால் வகுத்தால் அளவுகோல் கிடைத்துவிடும். பெட்ஷீட்டைப் பெட்ஷீட்டோடுதான் ஒப்பிட வேண்டும். சமையலறைத் துணி ஒருவரே மூன்று செட் வாங்கும் பொருள். அங்கே விகிதம் இயல்பாகவே உயர்ந்து நிற்கும், அதைப் பெட்ஷீட்டுக்கு அளவுகோலாக வைத்தால் எல்லாப் பெட்ஷீட்டும் நோயாளியாகத் தெரியும்.

இப்போது எக்செல்லில் C நெடுவரிசையில் வருகை, D-யில் விற்ற எண்ணிக்கை, E-யில் ஒரு பொருளின் லாபம், F-இல் அந்த வகைக்கான அளவுகோல் விகிதம் என்று வைத்துக்கொண்டு இந்தச் சூத்திரத்தைப் போடுங்கள்:

```
=MAX(0, C2*F2 - D2) * E2
```

வந்தவர்களுக்கு எத்தனை விற்றிருக்க வேண்டும், அதில் எத்தனை விட்டுப்போனது, அதன் லாபம் எவ்வளவு என்பதுதான் இது. இந்தத் தொகையைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் வேலை வரிசை கிடைக்கும்.

| பொருள் | வருகை | விற்றது | அளவுகோல் | ஒன்றின் லாபம் | விட்டுப்போன பணம் |
|---|---|---|---|---|---|
| டபுள் பெட்ஷீட் | 2,400 | 36 | 3.5% | ₹110 | ₹5,280 |
| குளியல் துண்டு | 1,500 | 45 | 4% | ₹60 | ₹900 |
| மேசை விரிப்பு | 60 | 0 | 3% | ₹90 | ₹162 |
| சமையல் ஏப்ரன் | 180 | 14 | 3% | ₹70 | ₹0 |

கடைக்காரரின் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது மூன்றாவது வரியில் இருக்கும் மேசை விரிப்பு. அதை முழுமையாகச் சரிசெய்தாலும் இப்போதைய வருகைக்கு மாதம் ₹162தான் கிடைக்கும். மாதம் 36 விற்று ஒழுங்காக ஓடுவதுபோல் தெரிந்த பெட்ஷீட்டில் ₹5,280 விட்டுப்போயிருக்கிறது.

இந்தத் தொகை நோயின் அளவை மட்டுமே சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. அதனால் மேலே வந்த பெட்ஷீட்டின் பக்கத்தை உடனே திருத்த உட்கார்ந்துவிடக் கூடாது. இனி அறிகுறி வாரியாகப் போவோம்.

அறிகுறி: வருகை நிறைய இருக்கிறது, விற்பனை குறைவாக இருக்கிறது

பணம் அதிகம் சிக்கியிருப்பது இங்கேதான் என்பதால் இதில்தான் நிதானமாக நிற்க வேண்டும். பக்கத்தின் குறை என்று முடிவு செய்வதற்கு முன்னால், பக்கத்துக்கு வெளியே இருக்கும் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிட வேண்டும். அவை பெரும்பாலும் சில நிமிடங்களில் தீரக்கூடியவை.

முதலில் Featured Offer Percentage. இது வழக்கமாக 95க்கு மேல் நிற்கும் பொருளுக்கு இப்போது 60 என்று காட்டினால், பக்கம் பார்த்தவர்களில் பெரும் பகுதியினருக்கு 'வாங்கு' பொத்தான் உங்களுடையதாக இருக்கவில்லை என்று அர்த்தம். அதே லிஸ்டிங்கில் இன்னொரு விற்பனையாளர் நுழைந்திருக்கலாம். உங்கள் விலை வேறு இடத்தில் இருப்பதைவிட அதிகமாக இருப்பதால் பொத்தானே எடுபட்டிருக்கலாம். அந்த மாதத்தில் சில நாள் ஸ்டாக் தீர்ந்தும் இருக்கலாம். இந்த நிலையில் எவ்வளவு நல்ல படம் போட்டாலும் பயனில்லை.

அடுத்து, பொருள் எப்போது வந்து சேரும் என்று பக்கம் சொல்கிறது என்பது. உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் 'நாளை' என்று இருக்கும், மனம் திருப்தியடைந்துவிடும். டெலிவரி முகவரியில் 110001 என்று டெல்லியின் பின்கோடைப் போட்டுப் பாருங்கள். சரக்கு முழுவதும் ஒரே பகுதிக் கிடங்கில் இருந்தால் தேதி பல நாள் தள்ளித் தெரியும். பக்கத்திலேயே நாளை மறுநாள் வரும் பெட்ஷீட் இருக்கும்போது டெல்லிக்காரர் எதற்குக் காத்திருக்கப் போகிறார்? அது சரக்கைப் பிரித்து வைப்பதில் தீர வேண்டிய பிரச்சினை.

மூன்றாவது விளம்பரம். நம் பெட்ஷீட்டில் இங்கேதான் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. விளம்பரத்தின் Search Term அறிக்கையில், வாடிக்கையாளர் தட்டச்சு செய்த சொல் ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிளிக், எத்தனை ஆர்டர் என்று இருக்கும். `king size bedsheet` என்று தேடியவர்கள் மட்டும் 700 கிளிக் செய்திருந்தார்கள், ஆர்டர் இரண்டு. விற்கும் பொருளோ டபுள் சைஸ். தேடல் சொல்லை விரிவான பொருத்தத்தில் விட்டிருந்ததால், கிங் சைஸ் வேண்டியவர்களைக் காசு கொடுத்து உள்ளே அழைத்து, அவர்கள் ஏமாந்து திரும்பியதும் நடந்திருக்கிறது.

கிளிக்கும் வருகையும் அச்சாக ஒன்றல்ல. ஆனாலும் தோராயமாகக் கழித்துப் பார்க்கலாம். 2,400இல் 700 போனால் 1,700 வருகை, 34 விற்பனை. விகிதம் 1.5இலிருந்து 2 ஆகிறது. அளவுகோல்படி 59 அல்லது 60 விற்றிருக்க வேண்டும். விட்டுப்போனது 25க்குச் சற்று அதிகம், பணத்தில் சுமார் ₹2,800. ஆக, முதலில் பார்த்த குறையில் பாதிக்கும் பக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. `king size` என்பதை விளம்பரத்தில் எதிர்மறைச் சொல்லாகச் சேர்த்தவுடன் அந்தப் பாதி தீர்ந்துவிட்டது, 700 கிளிக்குக்குக் கொடுத்த பணமும் மிச்சம்.

மீதி ₹2,800 இன்னும் குளியல் துண்டின் ₹900த்தைவிடப் பெரியது. அதனால் பெட்ஷீட்தான் முதல் வேலை என்பது மாறவில்லை. இப்போது பக்கத்தைத் திறக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வருகை நிறைய இருக்கிறது என்றால் தேடல் பட்டியலில் தெரியும் மூன்று விஷயங்கள், அதாவது முதல் படம், தலைப்பு, விலை ஆகியவை ஆட்களை உள்ளே கொண்டுவருகின்றன என்று பொருள். உள்ளே வந்த பிறகு நடக்கும் ஏதோ ஒன்றுதான் அவர்களைத் திருப்பி அனுப்புகிறது. அதனால் முதல் படத்தில் கை வைக்காதீர்கள், அது பொய்யான எதிர்பார்ப்பைக் கொடுத்தால் ஒழிய. இரண்டாவது படத்திலிருந்து தொடங்குங்கள்.

பெட்ஷீட் பக்கத்தில் மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களின் விமர்சனங்களைப் படித்தோம். ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்கள் கோபத்தில் எழுதுவார்கள், ஐந்து கொடுத்தவர்கள் 'நன்று' என்று முடித்துவிடுவார்கள். மூன்று கொடுத்தவர்கள்தான் எது நன்றாக இருந்தது, எது இடறியது என்று நிதானமாக எழுதுகிறவர்கள். அங்கே திரும்பத் திரும்ப வந்த புகார் ஒன்றே: ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருக எட்டவில்லை.

பக்கத்தில் அளவு 90 × 100 அங்குலம் என்று சரியாகத்தான் எழுதியிருந்தது. படத்திலோ ஆறடி அகலக் கட்டிலில் விரித்துக் காட்டியிருந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறடி மெத்தையின் அகலம் 72 அங்குலம். மெத்தையின் கனம் 8 அங்குலம் என்றால் இரு பக்கமும் இறங்க 16 போய்விடுகிறது. 72உடன் 16 சேர்ந்தால் 88. துணியின் அகலம் 90. செருகுவதற்குப் பக்கத்துக்கு ஓர் அங்குலம்தான் மிஞ்சுகிறது. ஒரு இரவு புரண்டு படுத்தால் வெளியே வந்துவிடும். 6 அங்குல மெத்தையானால் பக்கத்துக்கு மூன்று அங்குலம் கிடைக்கும், சமாளிக்கலாம். நான்கடிக் கட்டிலுக்கோ தாராளமாகப் போதும்.

வாங்க வந்தவர் இந்தக் கணக்கைப் போட மாட்டார். 'என் கட்டிலுக்குச் சேருமா?' என்ற சந்தேகம் வந்தவுடன், தெளிவாகச் சொல்லும் பக்கத்துக்குப் போய்விடுவார். எனவே திருத்தம் இரண்டுதான். இரண்டாவது படத்தில் மெத்தையின் அகலம், நீளம், கனம் போட்டு, எந்த மெத்தைக்கு எத்தனை அங்குலம் செருகக் கிடைக்கும் என்ற ஒரு வரைபடம். முதல் படத்தில் ஆறடிக் கட்டிலுக்குப் பதில் பொருந்தும் கட்டில். இங்கே முதல் படம் எதிர்பார்ப்பைத் தவறாகக் கொடுத்தது என்பதால்தான் அதைத் தொட்டோம். விலையை ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. விலை குறைத்திருந்தால் லாபம் 110இலிருந்து இறங்கியிருக்கும், செருக எட்டாதது எட்டாமலேயே இருந்திருக்கும்.

அறிகுறி: ஒன்றுகூட விற்கவில்லை, ஆனால் வருகையே சொற்பம்

மேசை விரிப்பு. 60 பேர் வந்தார்கள், ஒருவரும் வாங்கவில்லை. இது மோசமான பக்கம் என்று சொல்ல முடியுமா?

உண்மையில் நூற்றுக்கு மூன்று பேர் வாங்கும் நல்ல பக்கமாகவே இருந்தாலும், 60 பேர் வந்து ஒருவரும் வாங்காமல் போவதற்கு ஏறத்தாழ 16 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இப்படிப்பட்ட ஆறு லிஸ்டிங் வைத்திருந்தால் அதில் ஒன்று எந்தக் குறையும் இல்லாமலேயே பூஜ்யத்தில் நிற்கும். அதே பக்கத்துக்கு 100 வருகை வந்து பூஜ்யம் என்றால் அந்த வாய்ப்பு 5 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது, அப்போது சந்தேகப்படலாம். அளவுகோல் 3 சதவீதமாக உள்ள பொருளில், நூறு வருகைக்கு முன்னால் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அளவுகோல் 1 சதவீதம்தான் என்றால் அந்த நூறு முந்நூறாகும்.

ஆகவே இங்கே பக்கத்தைத் திருத்துவதில் அர்த்தம் இல்லை. திருத்தினாலும் அது பயன் தந்ததா என்று அறிய வழியும் இல்லை. லிஸ்டிங் தேடலிலிருந்து மறைக்கப்பட்டிருக்கிறதா, படம் ஏதும் நிராகரிக்கப்பட்டிருக்கிறதா, தவறான வகையில் போய் உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்றும் சரியென்றால் அப்படியே விட்டுவிடுங்கள். நம் கையால் பார்த்துப் பார்த்துத் தைத்த பொருளாக இருக்கலாம், விட மனம் வராது. ஆனாலும் ₹162க்காக ₹2,800 வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

அறிகுறி: வருகை குறைவு, வந்தவர்கள் வாங்குகிறார்கள்

ஏப்ரனைப் பாருங்கள். 180 வருகைக்கு 14 விற்பனை, கிட்டத்தட்ட 7.8 சதவீதம். சூத்திரம் இதற்கு ₹0 என்கிறது. பக்கத்தில் விட்டுப்போன பணம் ஏதுமில்லை என்பதே அதன் பொருள். இதன் குறை வேறு இடத்தில்: இந்தப் பக்கத்தை யாரும் வந்து பார்க்கவில்லை.

14 சிறிய எண் என்பதால் அதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. இத்தகைய எண்ணிக்கை தற்செயலாக எவ்வளவு ஆடும் என்று அறிய, அதன் வர்க்கமூலத்தை இரட்டிப்பாக்கிக் கழித்துப் பார்க்கலாம். 14இன் வர்க்கமூலம் நாலுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு மடங்கு கழித்தால் சுமார் 6.5 நிற்கும். 180க்கு 6.5 என்றாலும் 3.6 சதவீதம் வருகிறது. அளவுகோலான மூன்றைவிட அது மேல். எனவே பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

இதற்கு வருகையைக் கூட்ட வேண்டும். பிராண்ட் பதிவு செய்தவர்களுக்கு Search Query Performance என்ற அறிக்கை கிடைக்கும். எந்தத் தேடல் சொல்லில் எத்தனை முறை உங்கள் பொருள் தெரிந்தது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று அதில் இருக்கும். நிறையத் தெரிந்தும் கிளிக் குறைவு என்றால் முதல் படமோ தலைப்போ விலையோ இடிக்கிறது. தெரிவதே குறைவு என்றால் சொற்கள் போதவில்லை. நம் ஏப்ரனில் இரண்டாவது கதை. தலைப்பில் பிராண்ட் பெயர், துணியின் பெயர், நிறம் எல்லாம் இருந்தன. மக்கள் தேடும் `kitchen apron`, `cooking apron` என்ற சொற்கள் எங்குமே இல்லை. தலைப்பிலும் பின்புலத் தேடல் சொற்களிலும் அவற்றைச் சேர்ப்பது அரை மணி நேர வேலை.

விளம்பரம் கொடுப்பதானால் ஒரு கிளிக்குக்கு எவ்வளவு வரை தாங்கும் என்பதை இதே எண்கள் சொல்லிவிடும். விகிதத்தை லாபத்தால் பெருக்குங்கள். ஏப்ரனுக்கு எச்சரிக்கையான 3.6 சதவீதத்தையே வைத்தால் 0.036 × 70, அதாவது சுமார் ₹2.50. இப்போதைய 7.8 சதவீதம் நிலைத்தால் ₹5.40 வரை போகலாம். பெட்ஷீட் திருத்தத்துக்கு முன்னால் 1.5 சதவீதத்தில் ஒரு கிளிக்குக்கு ₹1.65தான் தாங்கியிருக்கும், அதற்கு மேல் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் நஷ்டம். அது 3.5 சதவீதத்தைத் தொட்டால் ₹3.85 வரை தாங்கும். குறை உள்ள பக்கத்துக்கு விளம்பரத்தால் ஆள் சேர்ப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான், அதனால் எப்போதும் பக்கத்தைச் சரிசெய்த பிறகே விளம்பரத்தைக் கூட்டுங்கள்.

அறிகுறி: ஒரே பொருளில் ஒரு நிறம் மட்டும் படுமோசமாகத் தெரிகிறது

குளியல் துண்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பட்டியலில் ₹900 குறையோடு இரண்டாவது இடத்தில் இருக்கிறது. தனித்தனி நிறமாகப் பிரித்தால் நீலத்துக்கு 1,150 வருகை, 12 விற்பனை, 1 சதவீதம்தான். வெள்ளைக்கு 80 வருகை, 18 விற்பனை. 22 சதவீதத்துக்கும் மேல். மற்ற நிறங்கள் சேர்ந்து 270க்கு 15. நீலத்தை எடுத்துவிடலாம், வெள்ளையில் முழுப் பணத்தையும் போடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் துண்டு வியாபாரமே படுத்துவிடும்.

நடப்பது இதுதான். தேடலில் முன்னால் வருவது நீலம். மக்கள் அதைக் கிளிக் செய்து உள்ளே வருகிறார்கள், வந்த பிறகு பக்கத்திலிருக்கும் நிறக் கட்டங்களில் வெள்ளையைத் தட்டி வாங்குகிறார்கள். வருகை நீலத்தின் கணக்கிலும் விற்பனை வெள்ளையின் கணக்கிலும் விழுகிறது. நீலம் வாசலில் நிற்கிறது. அதை எடுத்தால் வாசலை மூடியதாகிவிடும்.

By Parent Item அறிக்கையையும் இறக்கச் சொன்னது இதற்காகத்தான். நிறமும் அளவும் கொண்ட பொருள்களுக்கு விட்டுப்போன பணத்தை எப்போதும் மொத்தப் பொருளாகவே கணக்கிடுங்கள். அந்த மொத்தத்தில் குறை இருந்தால் மட்டும் உள்ளே நிறம் நிறமாகப் பாருங்கள், அப்போதும் ஸ்டாக் எதில் தீர்ந்திருக்கிறது என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். நீலத்தைப் பார்த்து உள்ளே வந்தவருக்கு வெள்ளை தீர்ந்துபோயிருந்தால் அவர் நீலத்தை வாங்கமாட்டார்; திரும்பிவிடுவார்.

அறிகுறி: முன்பு நன்றாக விற்றது, இப்போது படுத்துவிட்டது

இரண்டு மாத அறிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விழுந்தது வருகையா விகிதமா என்று மட்டும் பாருங்கள். வருகை விழுந்து விகிதம் அப்படியே இருந்தால் பக்கத்தைத் தொடவே கூடாது. பருவம் முடிந்திருக்கலாம், விளம்பரப் பட்ஜெட் தீர்ந்திருக்கலாம், ஸ்டாக் தீர்ந்து திரும்ப வந்தபின் தேடலில் இடம் பின்னால் போயிருக்கலாம். விகிதம் மட்டும் விழுந்தால், புதிதாக மேலே வந்து உட்கார்ந்த ஒரு கெட்ட விமர்சனம், பக்கத்துக் கடைக்காரரின் விலைக்குறைப்பு, பொத்தான் இழப்பு ஆகியவற்றை அந்த வரிசையிலேயே தேடுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதத்தோடு அதற்கு அடுத்த மாதத்தை ஒப்பிட்டு 'விழுந்துவிட்டது' என்று முடிவெடுப்பதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். ஜவுளியில் அந்த ஒப்பீடு எதையும் சொல்லாது.

தொகைகள் நெருக்கமாக இருந்தால்

பட்டியலில் இரண்டு லிஸ்டிங் ஏறத்தாழ ஒரே தொகையில் நின்றால், அதைச் சரிசெய்ய எத்தனை மணி நேரம் ஆகும் என்று வகுத்துப் பாருங்கள். அளவு வரைபடம் ஒன்று போடுவது அரை நாள். புதிதாக ஆள் வைத்துப் படம் எடுப்பது கரூரிலிருந்து ஸ்டுடியோவுக்குப் போய்வரும் செலவோடு பல நாள். ₹2,000 குறையை இரண்டு மணி நேரத்தில் தீர்க்க முடிந்தால் அது ₹2,800ஐ மூன்று நாளில் தீர்ப்பதற்கு முன்னால் வர வேண்டும். தொகைகளுக்கிடையே நான்கைந்து மடங்கு வித்தியாசம் இருந்தால் மட்டும் இந்த வகுத்தல் தேவைப்படாது.

திருத்தியபின் பலித்ததா என்று எப்படித் தெரியும்?

ஒரு நேரத்தில் ஒரு குறைக்கான மாற்றம்தான். படத்தையும் விலையையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. மாற்றிய தேதியை அதே எக்செல் தாளில் எழுதிவையுங்கள்.

நாள்கணக்கை வைத்து ஒப்பிடாமல் வருகைக்கணக்கை வைத்து ஒப்பிடுங்கள். பெட்ஷீட்டுக்கு முன்பு 1,700 வருகைக்கு 34 விற்றது. மாற்றத்துக்குப் பிறகு மறுபடியும் 1,700 வருகை சேரும்வரை பொறுங்கள், அது 20 நாளில் சேர்ந்தாலும் சரி, 35 நாளானாலும் சரி. அப்போது 38 விற்றிருந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். 34 என்பதே தற்செயலால் ஆடக்கூடிய எண், புதிய எண்ணும் அப்படியே ஆடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 16 வரையிலான வித்தியாசம் மாற்றம் எதுவும் இல்லாமலேயே வரக்கூடியது. 50ஐத் தாண்டினால்தான் படத் திருத்தம் வேலை செய்தது என்று நம்பலாம். 38க்கும் 50க்கும் நடுவில் நின்றால், மாற்றத்தை அப்படியே விட்டு இன்னொரு 1,700 வருகைக்குக் காத்திருங்கள்.

வருகை அதிகமுள்ள லிஸ்டிங்கை முதலில் எடுக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். பெட்ஷீட்டின் பதில் ஒரு மாதத்தில் கிடைத்துவிடும். மாதம் 60 பேர் வரும் மேசை விரிப்புக்கு அதே 1,700 வருகை சேர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும்.

50ஐத் தாண்டியவுடன் பெட்ஷீட்டின் புதிய எண்களைச் சூத்திரத்தில் போடுங்கள். 1,700க்கு 52 விற்றது என்று வைத்துக்கொண்டால், விட்டுப்போன பணம் ₹2,800இலிருந்து ₹825 ஆக இறங்கிவிடும். குளியல் துண்டு ₹900த்தோடு பட்டியலின் மேலே வந்துவிடும். பெட்ஷீட்டில் மிச்சமிருக்கும் குறை எவ்வளவு உறுத்தினாலும், அடுத்த வேலை துண்டில், வெள்ளையின் ஸ்டாக்கைப் பார்ப்பதில் தொடங்குகிறது.